மணிக்குப் பதிலாக வந்த ‘ஹலோ’

கேள்வி: “‘ஹலோ’ என்பது கிரகாம் பெல்லின் காதலி பெயர், அவர் முதன்முதலில் அவளைத்தான் அழைத்தார் என்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையா? இல்லையென்றால் இந்தச் சொல் எப்படி எல்லார் வாயிலும் ஏறியது? போன் வந்த பிறகு பேச்சைத் தொடங்கும் முறையே மாறிவிட்டது என்கிறார்களே, அது எப்படி?”

அந்தச் செய்தியில் எள்ளளவும் உண்மையில்லை. பெல்லுக்கு மார்கரெட் ஹலோ என்றொரு காதலி இருந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. அவர் 1877 ஜூலையில் மணந்துகொண்டது மேபல் ஹப்பர்ட் என்பவரை. மேபல் அவரிடம் பேச்சுப் பயிற்சி பெற்ற மாணவி. ஐந்து வயதில் வந்த கடுங்காய்ச்சலால் செவித்திறனை முற்றிலும் இழந்தவர். ஆகவே பெல் தொலைபேசியில் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்திருந்தாலும் அது மேபலின் காதில் விழுந்திருக்காது. 1876 மார்ச் 10ஆம் தேதி கருவியில் முதலில் கேட்ட வாக்கியமும் காதல் மொழியன்று. பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் வாட்சனை ‘இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்’ என்று பெல் அழைத்ததுதான் அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெல்லுக்கு ‘ஹலோ’ என்ற சொல்லே உவப்பாக இருக்கவில்லை. கப்பலில் இருப்பவர்கள் அடுத்த கப்பலைக் கூவி அழைக்கப் பயன்படுத்திய ‘அஹாய்’ என்ற சொல்லையே தொலைபேசிக்கும் அவர் பரிந்துரைத்தார். தம் வாழ்நாள் முழுவதும் அதையே பயன்படுத்தியும் வந்தார். எனவே ‘ஹலோ’வை யாரேனும் ஒருவர் கணக்கில் வைக்க வேண்டுமானால், பெல்லின் போட்டியாளரான தாமஸ் ஆல்வா எடிசன் கணக்கில்தான் வைக்கவேண்டும். அவரும் அந்தச் சொல்லை உருவாக்கியவர் அல்லர். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு கூப்பாட்டை எடுத்து, கருவியில் இல்லாத ஒரு உறுப்பின் வேலையை அதற்குக் கொடுத்தார். அந்த உறுப்பு, அழைப்பு மணி.

தொலைபேசிக்கு முன்பே அச்சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. ‘ஹல்லோ’, ‘ஹாலோ’, ‘ஹுல்லோ’, ‘ஹொல்லா’ என்று ஒன்றுக்கொன்று நெருக்கமான பல வடிவங்கள் ஆங்கிலத்தில் வழங்கின. வேட்டைநாய்களை ஏவுவதற்கும், தொலைவில் போகிறவரை நிறுத்துவதற்கும் அவற்றைக் கூவினார்கள். பழைய ஜெர்மன் மொழியில், ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஓடக்காரனைக் கூப்பிடும் குரலோடு அகராதிக்காரர்கள் இவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள். ‘ஹலோ’ என்று இன்று நாம் அறிந்த எழுத்துக்கூட்டலே 1820களில் அமெரிக்க அச்சில் காணப்படுகிறது. அப்போது அதற்கு இரண்டே வேலைகள் இருந்தன: ஒருவர் கவனத்தைத் திருப்புவது, வியப்பைக் காட்டுவது. ‘அடே, இது என்ன!’ என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலேயர் ‘ஹல்லோ’ என்றனர். வருகிறவரை வரவேற்கும் மரியாதைச் சொல்லாக அதை யாரும் கருதவில்லை. ஹங்கேரிக்காரர்கள் தங்கள் மொழியில் ‘கேட்கிறது’ என்று பொருள்படும் ‘ஹல்லோம்’ என்பதிலிருந்துதான் இது வந்தது என்று பெருமையோடு ஒரு கதை சொல்வார்கள். எடிசனுடன் பணியாற்றிய புஷ்காஷ் என்ற ஹங்கேரியர் தொலைபேசி இணைப்பகத் துறையில் பங்காற்றியது மெய்தான். ஆனால் அவர் அத்துறைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அச்சொல் அமெரிக்காவில் அச்சேறிவிட்டதால் அந்தக் கதை நிற்காது.

ஒரு கூப்பாடு தொலைபேசிக்குள் ஏன் புகவேண்டியிருந்தது என்பது புரிய, 1877இல் விற்பனைக்கு வந்த கருவி எப்படி இருந்தது என்று பார்க்கவேண்டும். அதற்கு எண்கள் இல்லை, மணி இல்லை, இணைப்பகமும் இல்லை. கருவிகளை இரண்டிரண்டாகவே வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒரு இணைக்கு வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு 20 டாலர், வணிகப் பயன்பாட்டுக்கு 40 டாலர். ஒன்று கடையில் இருக்கும், மற்றொன்று முதலாளி வீட்டில் இருக்கும். இடையில் ஒரே கம்பி, அது எந்நேரமும் திறந்தே கிடக்கும். பேசுவதும் கேட்பதும் ஒரே குழலில்தான். பேசும்போது அதை வாயில் வைத்து, பேசி முடித்ததும் சட்டென்று காதுக்கு மாற்றவேண்டும். மறுமுனையில் இருப்பவர் அந்த நேரத்தில் கருவியின் அருகே இல்லையென்றால், என்ன பேசினாலும் வெற்று அறையில்தான் ஒலிக்கும். பென்சிலால் குழலுக்குள் இருக்கும் தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். அல்லது குழலுக்குள் உரக்கக் கத்துவார்கள். அந்தச் சத்தம் மறுமுனைக் குழலிலிருந்து சன்னமாக வெளிவந்து, யார் காதிலாவது பட்டால் உண்டு.

இந்த நிலையில்தான் எடிசன் அந்தக் கடிதத்தை எழுதுகிறார். தேதி 1877 ஆகஸ்ட் 15. பிட்ஸ்பர்க் நகரில் ஒரு தந்தி நிறுவனத்தின் தலைவராக இருந்த டேவிட் என்பவர் அங்கே தொலைபேசிச் சேவை தொடங்கும் முனைப்பில் இருந்தார். அவருக்கு எடிசன் எழுதியது இரண்டு மூன்று வரிகள்தான்: அழைப்பு மணி நமக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன், ‘ஹலோ’ என்றால் 10 முதல் 20 அடி தூரம்வரை கேட்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பின்குறிப்பாக, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் சேர்த்துச் செய்ய 7 டாலர்தான் ஆகும் என்றும் சேர்த்திருந்தார். இக்கடிதம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் கிடந்தது. ப்ரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் ஆலன் கோனிக்ஸ்பர்க் பல ஆண்டுகள் தேடி அதைக் கண்டெடுத்தார். 1992இல் அது செய்தித்தாளில் வந்த பிறகுதான் பலருக்கும் இந்த வரலாறு தெரிந்தது.

கடிதத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். பேச்சை எப்படி மரியாதையாகத் தொடங்குவது என்ற சிந்தனை அதில் துளியும் இல்லை. இருப்பது செலவுக் கணக்கு. மணி வைத்தால் அதற்கொரு மின்சுற்று, அதைப் பராமரிக்க ஆள், அதற்கேற்ற விலை. ஒரு சொல்லைக் கத்திப் பத்து இருபது அடிக்குள் இருப்பவரை வரவழைக்க முடிந்தால் அத்தனையும் மிச்சம். எடிசனுடைய ‘ஹலோ’ அழைப்பவர் வாயிலிருந்து வரவேண்டிய சொல். இந்த ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், இதற்குப் பிறகு நடந்தவை எளிதாக விளங்கும்.

எடிசனின் கணிப்பு பலிக்கவில்லை. கத்துவது போதாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. பெல்லின் உதவியாளர் வாட்சன் முதலில் தகட்டைத் தட்டும் ஒரு சிறு சுத்தியலைப் பொருத்தினார்; பிறகு கரகரவென்று ஒலிக்கும் ஒரு கருவியைச் செய்தார்; அந்த ஒலியைச் சகிக்க முடியாமல், கைப்பிடியைச் சுழற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும் அமைப்பை 1878இல் கொண்டுவந்தார். பழைய படங்களில் போனின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியைச் சுற்றுவார்களே, அந்த வகைதான். அழைக்கும் வேலையை மணி எடுத்துக்கொண்டதும், எந்த வேலைக்காக ‘ஹலோ’ வந்ததோ அந்த வேலை பறிபோயிற்று. முறைப்படி பார்த்தால் அச்சொல் அத்தோடு மறைந்திருக்கவேண்டும். ஆனால் மணி அடித்த பிறகு இன்னொரு சிக்கல் முளைத்தது. மணியைக் கேட்டு ஒருவர் ஓடிவந்து குழலை எடுத்துவிட்டார் என்பது அழைத்தவருக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் தெரியாது, காலடி ஓசை கேட்காது. எடுத்தவர்தான் ‘வந்துவிட்டேன், பேசலாம்’ என்று தெரிவிக்க வேண்டும். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது, கையருகே ஏற்கெனவே கிடந்த ‘ஹலோ’வை. அழைப்பவரிடமிருந்து எடுப்பவருக்கு அச்சொல் கைமாறியது இப்படித்தான்.

இந்தக் கைமாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை; இடைப்பட்ட நிலையை ஒரு பழைய தொலைபேசிப் பட்டியலில் காணலாம். உலகின் முதல் வணிக இணைப்பகம் 1878 ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில், 21 சந்தாதாரர்களுடன் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அவர்கள் வெளியிட்ட பட்டியல் ஒற்றைத் தாள். அதில் ஐம்பது பெயர்கள், எண்கள் கிடையா. அதே ஆண்டு நவம்பரில் பட்டியல் சிறு புத்தகமாக வளர்ந்தபோது, போனில் எப்படிப் பேசுவது என்ற அறிவுரையும் அதில் சேர்ந்தது. பேச்சை ‘ஹலோவா’ என்று தொடங்கவேண்டும். முடிந்ததும் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லவேண்டும். கேட்டவர் அதற்குச் சரி சொல்லவேண்டும். ஒருமுறைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. ‘அவ்வளவுதான்’ என்பது இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே குழலை வாய்க்கும் காதுக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பேச்சு முடிந்ததா இல்லையா என்பதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்க நேரும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு சொல் கொடுத்தார்கள். தொடக்கச் சொல் நிலைத்தது, முடிவுச் சொல் கருவி மாறியதும் உதிர்ந்தது.

இணைப்பகங்கள் பெருகிய பிறகு ‘ஹலோ’வை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அங்கே அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுத்த பெண்கள். முதலில் தந்தி அலுவலகப் பையன்களைத்தான் அமர்த்தினார்கள்; அவர்கள் சந்தாதாரர்களிடம் துடுக்காகப் பேசி, அடிக்கடி வம்பிழுத்ததால், 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் பணியமர்த்தப்பட்டார். அவரைத் தொடர்ந்து அத்தொழிலே ஏறக்குறைய பெண்களுடையதாகிவிட்டது. யார் யாரை அழைப்பதாக இருந்தாலும், கைப்பிடியைச் சுற்றியதும் முதலில் கேட்கும் குரல் அவர்களுடையதுதான். அவர்கள் ‘ஹலோ’ என்றார்கள்; கேட்டவர்களும் ‘ஹலோ’ என்றார்கள். 1880களிலேயே அந்தப் பெண்களுக்கு ‘ஹலோ பெண்கள்’ என்ற பெயர் ஏற்பட்டுவிட்டது. பின்னாளில் நிறுவனங்கள் ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்கும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டபோதும், வீடுகளில் பழகிவிட்ட சொல்லைத் திரும்பப் பெற முடியவில்லை.

திரும்பப் பெற விரும்பியவர்கள் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைபேசித் துறையினர் எழுதிய நன்னடத்தைக் குறிப்புகளில் ‘ஹலோ’ கொச்சையான சொல்லாகவே பேசப்பட்டது. ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துவீர்களா, போனில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டு, இன்ன நிறுவனத்தின் இன்னார் பேச விரும்புகிறார் என்று முழுப் பெயருடன் தொடங்கும்படி அறிவுறுத்தினார்கள். அவர்களுடைய சங்கடம் ஒரு சொல்லைப் பற்றியது மட்டும் அன்று. அன்றைய ஆங்கிலேய, அமெரிக்க மேட்டுக்குடி வழக்கப்படி, அறிமுகம் செய்துவைக்கப்படாத ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பதே தவறு. அறிமுகக் கடிதம் உண்டு. வாசலில் கொடுத்தனுப்பும் பெயரட்டை உண்டு. யார் முதலில் யாருக்கு வணக்கம் சொல்வது என்பதற்கு வயதும் பாலும் தகுதியும் பார்த்து விதிகள் உண்டு. போன் அந்த வாசற்படிகள் அனைத்தையும் தாண்டி நேரே கூடத்துக்குள் வந்தது. மணி அடித்தால் அழைப்பது கவர்னரா கறிகாய்க்காரரா என்று எடுக்கும்வரை தெரியாது. ஆகவே எவருக்கும் பொருந்துகிற, எந்தத் தகுதியையும் சுட்டாத ஒரு சொல் தேவைப்பட்டது. வேட்டைநாயையும் ஓடக்காரனையும் கூப்பிடப் பயன்பட்ட சொல்லுக்கு அந்தத் தகுதி இயல்பாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் இதே சிக்கல் வேறு வகையில் வந்திருக்கவேண்டும். கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு சென்னையிலும் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி 1880களின் தொடக்கத்திலேயே இணைப்பகம் அமைத்தது. நம் ஊரில் நேரில் பேச்சைத் தொடங்குவதற்குத் தனியாக ஒரு சொல் தேவைப்படுவதில்லை. ஆளைப் பார்த்ததும் வாய் தானாக அதற்குரிய உறவுச் சொல்லைத் தேர்ந்துகொள்ளும். ‘வாங்க மாமா’, ‘என்ன அண்ணே, இந்தப் பக்கம்?’, ‘சாப்பிட்டாச்சா?’ என்பவையெல்லாம் எதிரில் நிற்பவர் யார், பெரியவரா சிறியவரா, உள்ளே வருகிறாரா வெளியே போகிறாரா என்பதைக் கண்ணால் கண்ட பிறகு பிறக்கும் தொடக்கங்கள். போனில் அந்தக் கண் கட்டப்பட்டுவிடுகிறது. நீ என்பதா நீங்கள் என்பதா என்பதே தெரியாத நிலையில் ஒரு தமிழர் வாயைத் திறப்பது கடினம். ‘ஹலோ’ அந்த ஒரு கணத்துக்கு ஒதுங்க இடம் கொடுத்தது. அதை அடுத்து வந்த ‘யாருங்க பேசறது?’ என்பதில் உள்ள ‘ங்க’ விகுதி, பேசுவது யாராக இருந்தாலும் குறைவு வராமல் காக்கும் முன்னெச்சரிக்கை. குரல் அடையாளம் தெரிந்த மறுநொடியே அது ‘டேய், நீயா!’ என்று மாறுவதை யாவரும் அறிவோம்.

எல்லா நாடும் ‘ஹலோ’வை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. இத்தாலியர் ‘தயார்’ என்று பொருள்படும் ‘ப்ரோந்தோ’ என்கிறார்கள். ஜப்பானியர் ‘பேசுகிறேன்’ என்பதன் பணிவான வடிவத்திலிருந்து வந்த ‘மோஷி மோஷி’ என்கிறார்கள். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் எடுத்தவுடன் தம் பெயரைச் சொல்வதே நெடுங்கால வழக்கம். சொல் எதுவாயினும் வேலை ஒன்றுதான்: கம்பியின் இந்த முனையில் ஆள் வந்தாயிற்று என்று அறிவிப்பது.

அந்த வேலையைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் ஷெக்லாஃப். 1960களில் அவர் ஒரு காவல் நிலையத்துக்கு வந்த, அங்கிருந்து சென்ற ஏறத்தாழ 500 அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முதல் சில நொடிகளை மட்டும் ஆராய்ந்தார். அவர் முதலில் கண்ட விதி எளிமையானது: போனை எடுப்பவரே முதலில் பேசுகிறார். இதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். நேரில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவரைத் தேடிப் போகிறவர்தான் முதலில் வாய் திறப்பார். போனிலோ அழைத்தவர் காத்திருக்கிறார். எதற்கு அழைத்தார் என்பது தெரியாத மற்றவர்தான் தொடங்குகிறார்.

ஐந்நூறில் ஒரே ஒரு அழைப்பு மட்டும் இந்த விதிக்கு அடங்கவில்லை. காவல் நிலையத்திலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஓர் அழைப்பு போகிறது. மணி அடிக்கிறது, யாரோ எடுக்கிறார்கள், ஆனால் பேச்சில்லை. ஒரு நொடி மௌனம். பிறகு அழைத்த காவலரே ‘ஹலோ’ என்கிறார். உடனே மறுமுனை ‘அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம்’ என்கிறது. அதற்குக் காவலர் மறுபடியும் ‘ஹலோ, இது காவல் தலைமையகம்’ என்று தொடர்கிறார். ஐந்நூறில் ஒன்றுதானே என்று ஒதுக்கித் தள்ளியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஷெக்லாஃப் அப்படிச் செய்யாமல் அந்த ஒன்றுக்காகத் தம் விதியையே மாற்றி எழுதினார். எடுப்பவர் சொல்லும் ‘ஹலோ’ வணக்கமன்று, மணிக்குச் சொல்லும் விடை என்றார். மணி ஒரு கூப்பாடு. கூப்பாட்டுக்கு விடை வரவேண்டும். வராவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும். காவலரின் முதல் ‘ஹலோ’ அடித்து ஓய்ந்த மணியின் தொடர்ச்சி. அவருடைய இரண்டாவது ‘ஹலோ’தான் வணக்கம். ஒரே ஆள், ஒரே சொல், இரண்டு நொடிக்குள் இரண்டு வேறு வேலைகள்.

இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மணி இல்லாத கருவிக்காக எடிசன் எந்த வேலையைச் சொல்லிக் ‘ஹலோ’வைப் பரிந்துரைத்தாரோ, அதே வேலைக்கு அந்தக் காவலர் தொண்ணூறு ஆண்டு கழித்து அச்சொல்லைத் தம்மையறியாமல் பயன்படுத்தியிருக்கிறார். நாமும் தினம் செய்வது அதுதான். அந்தக் காலத்து டிரங்க் கால் வரும்போது வீட்டுப் பெரியவர் எழுந்து நின்றுகொண்டு ‘ஹலோ... ஹலோ... கேக்குதா?’ என்று தெருவே கேட்கக் கூவுவாரே, அதில் எத்தனை ‘ஹலோ’ வந்தாலும் ஒன்றுகூட வணக்கமில்லை; கம்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கூப்பாடுகள் அவை. இன்றும் பேச்சின் நடுவே சிக்னல் அறுந்து மறுமுனை அமைதியானால், அதுவரை சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் கூவத் தொடங்குவது ‘ஹலோ, ஹலோ’ என்றுதான்.

விடை கிடைத்த பின்பும் பேச்சு உடனே தொடங்கிவிடுவதில்லை. ஷெக்லாஃப் பின்னர் விரித்துக் காட்டியபடி, மணியும் விடையும் முடிந்ததும் யார் என்று அடையாளம் காண்பது, வணக்கம் பரிமாறிக்கொள்வது, நலம் விசாரிப்பது என்று மூன்று படிகள் ஏறிய பிறகே அழைத்த காரணம் வெளிவருகிறது. நம் வீட்டு லேண்ட்லைன் காலத்து உரையாடல் ஒன்றை இதில் பொருத்திப் பார்க்கலாம். மணி அடிக்கிறது. ‘ஹலோ’ என்கிறார் வீட்டு அம்மா. ‘ஹலோ, நான் திருச்சியிலிருந்து பேசறேங்க. அண்ணன் இருக்காரா?’ ‘யாரு, மணியா? நல்லா இருக்கியாப்பா? அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?’ ‘பரவாயில்லீங்க அண்ணி.’ ‘இரு, கூப்பிடறேன்.’ அழைத்தவர் முதலில் தம் பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லிவிட்டுத் தம் குரலைக் கேட்கக் கொடுத்தார். அந்தக் குரலைக் கொண்டு அந்த அம்மா ஆளைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகே ‘அண்ணி’ என்ற உறவுச் சொல்லுக்கு இடம் வந்தது. அண்ணன் வந்து ‘ஹலோ’ என்றதும் இதே படிகள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பக்கத்து வீட்டுப் போனைப் பி.பி. நம்பர் என்று அட்டையில் போட்டுக்கொண்டவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசி, ஆளை அழைத்துவரச் சொல்ல வேண்டும்.

செல்போன் இந்தப் படிக்கட்டை இடித்துவிட்டது. வீட்டு எண் ஓர் இடத்துக்கு உரியது, யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். கைபேசி எண் ஓர் ஆளுக்கு உரியது. மணி அடிக்கும்போதே திரையில் பெயர் வந்துவிடுவதால், எடுப்பவருக்கு அழைப்பவரைத் தெரியும். எடுப்பவருக்குத் தம்மைத் தெரியும் என்பது அழைப்பவருக்கும் தெரியும். அதனால் தமிழில் ‘ஹலோ’வின் இடத்துக்குச் ‘சொல்லுங்க’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘சொல்லுங்க சார்’, ‘சொல்லு மச்சான்’, ‘சொல்லும்மா’ என்ற இரண்டு சொல்லில் நான்கு படியும் அடக்கம்: வந்துவிட்டேன், நீ யார் என்று தெரிந்தது, நமக்குள் என்ன உறவு என்பதும் தெரிந்தது, இனிக் காரணத்துக்கு வரலாம். மிகையாக ஒன்றும் சொல்லவில்லை. ‘சொல்லு’ என்பதன் பின்னால் ஒட்டும் விளிச்சொல்லை மட்டும் கேட்டாலே, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாரோடு பேசுகிறார் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். பின்லாந்தில் கைபேசி அழைப்புகளை ஆராய்ந்தவர்களும் இதே போக்கைக் கண்டார்கள்; பெயரைச் சொல்லி எடுக்கும் பழைய வழக்கம் போய், அழைப்பவருக்கு ஏற்றபடி அமைந்த வணக்கமே விடையாகிவிட்டது.

போனவை போக, புதிதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. வீட்டுப் போனை எடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கைபேசியில் ‘எங்க இருக்கீங்க?’, ‘பேசலாமா?’ என்பவை கிட்டத்தட்ட நலம் விசாரிப்பின் இடத்தைப் பிடித்துவிட்டன. வண்டி ஓட்டுகிறாரா, கூட்டத்தில் இருக்கிறாரா, மருத்துவமனை வரிசையில் நிற்கிறாரா என்பதைப் பொறுத்தே பேச்சின் நீளம் அமையும் என்பதால் இதைத் துருவிக் கேட்பதாக எண்ணத் தேவையில்லை. அண்மையில் இளையவர்களிடம் இதுவும் அழைப்புக்கு வெளியே போய்விட்டது. ‘கால் பண்ணலாமா?’ என்று முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி, ‘ம்’ என்று பதில் வந்த பிறகே அழைக்கிறார்கள். கூப்பாடும் விடையும் எழுத்தில் முடிந்துவிட்ட நிலையில் மணி அடிப்பதால், எடுத்ததும் ‘ஆங், அது என்னன்னா...’ என்று விஷயத்திலேயே தொடங்க முடிகிறது.

இன்று தமிழர் வாயில் தூய ‘ஹலோ’ ஒலிப்பது பெரும்பாலும் பெயர் காட்டாத எண் அழைக்கும்போதுதான். அந்த அழைப்புகளில் பல, கடனும் மனையும் காப்பீடும் விற்கும் நிலையங்களிலிருந்து வருபவை; அங்கே எண்களை அழைப்பது ஆளில்லை, தானியங்கி. ஒரே நேரத்தில் பல எண்களை அது அழைத்துக்கொண்டே போகும்; யார் எடுத்தாலும் முதலில் வரும் ஒலியை அளக்கும். குறுகிய ஒரு சொல்லும் அதையடுத்து மௌனமும் வந்தால் மனிதர் என்று கொள்ளும். நீண்ட வாசகம் தொடர்ந்து ஓடினால் பதிவுக் கருவி என்று விட்டுவிடும். மனிதர் என்று தீர்மானித்த பிறகே, அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஊழியரின் காதுக்கு உங்களை இணைக்கும். நீங்கள் ‘ஹலோ’ என்றதும் ஓரிரு நொடி ஒன்றும் கேட்காமல், பிறகு சிறு சொடுக்கொலியும் பின்னணியில் பலர் பேசும் இரைச்சலும் வந்தால், அழைத்தது தானியங்கி என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். இதை அறிந்தவர்கள் தெரியாத எண்ணை எடுத்ததும் வாய் திறப்பதில்லை. மறுமுனை முதலில் பேசட்டும் என்று காத்திருக்கிறார்கள். தானியங்கிக்கு அளக்க ஒலி கிடைக்காமல் இணைப்பு அறுவது உண்டு. உண்மையான ஆள் அழைத்திருந்தால், ஒரு நொடி பொறுத்துவிட்டு அவரே ‘ஹலோ?’ என்பார்.